நியூட்டன்–ராப்சன் முறை: எங்கே தொடங்குவது, எப்போது சந்தேகப்படுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

`f(x) = 0` ஆகும் x-ஐ, அதாவது சமன்பாட்டின் மூலத்தை, படிப்படியாக நெருங்கிக் கண்டுபிடிக்கும் முறை இது. இந்தப் பக்கம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே சமன்பாட்டைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: `x³ − 2x − 5 = 0`. நியூட்டன் தன் முறையை விளக்க எடுத்துக்கொண்டதும் இதே சமன்பாடுதான். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் தொடங்கும் இடத்தை மாற்றினால் முறை தடுமாறுவதையும் இதிலேயே காட்டிவிடலாம். கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பார்த்தபடி படியுங்கள்.

"சூத்திரம் மனப்பாடம். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று புரியவில்லை."

வளைவரையை மறந்துவிட்டு ஒரு செங்கோண முக்கோணத்தை மட்டும் நினையுங்கள். நீங்கள் x-இல் நிற்கிறீர்கள். அங்கே வளைவரையின் உயரம் `f(x)`. அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்தால் அதன் சாய்வு `f'(x)`. சாய்வு என்பது உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்தது. அப்படியானால் உயரத்தைச் சாய்வால் வகுத்தால் அடிப்பக்கத்தின் நீளம் கிடைத்துவிடும். தொடுகோடு x அச்சைத் தொட இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் அந்த நீளம். அதைக் கழித்தால் அடுத்த புள்ளி:

`x_புதிது = x − f(x)/f'(x)`

வளைவரை அச்சை எங்கே வெட்டும் என்று நமக்குத் தெரியாது. நேர்கோடு எங்கே வெட்டும் என்பது தெரியும். வளைவரைக்குப் பதில் தொடுகோட்டை நம்புகிறோம், வந்து சேர்ந்த இடத்தில் புதிய தொடுகோடு போடுகிறோம். முறை வெற்றி பெறுவதும் தோற்பதும் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பொறுத்தது.

நம் சமன்பாட்டில் `f'(x) = 3x² − 2`. 2-இல் தொடங்குவோம். `f(2) = −1`, `f'(2) = 10`. எனவே அடுத்தது `2 + 0.1 = 2.1`. அங்கே `f = 0.061`, `f' = 11.23`. வகுத்தால் 0.00543, கழித்தால் 2.094568. இன்னொரு படி போட்டால் 2.0945514817. உண்மையான மூலம் 2.0945514815… என்று போகிறது. மூன்றே படிகளில் ஒன்பது தசம இலக்கங்கள் சரியாகிவிட்டன.

"நியூட்டனும் இதே சூத்திரத்தைத்தான் போட்டாரா?"

இல்லை. அவர் கணக்கில் வகைக்கெழுவும் இல்லை, தொடுகோடும் இல்லை. மூலம் 2-க்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, x-க்குப் பதில் `2 + p` என்று எழுதினார். விரித்தால் `p³ + 6p² + 10p − 1 = 0`. p சிறியது என்பதால் `p³`, `6p²` இரண்டையும் விட்டுவிட்டால் `p = 0.1`. அடுத்து `p = 0.1 + q` என்று போட்டால் `q³ + 6.3q² + 11.23q + 0.061 = 0`. இதிலும் கடைசி இரண்டு உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு q-வைக் கண்டார். மேலே நம் கணக்கில் வந்த 10, 11.23, 0.061 எல்லாம் இங்கேயும் வருவதைப் பாருங்கள். சிறிய உறுப்புகளை விடுவதும் வளைவரைக்குப் பதில் தொடுகோட்டை எடுப்பதும் ஒரே செயல்.

ஒவ்வொரு படிக்கும் புதிய சமன்பாடு எழுதாமல், பழைய சமன்பாட்டிலேயே திரும்பத் திரும்பப் போடலாம் என்று 1690-இல் ஜோசப் ராப்சன் காட்டினார். பல்லுறுப்புக் கோவை அல்லாத சமன்பாடுகளுக்கும் இது பொருந்தும்படி வகையீட்டைக் கொண்டு 1740-இல் எழுதியவர் தாமஸ் சிம்ப்சன். பெயரில் அவருக்கு இடம் கிடைக்காமல் போனது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

"தொடக்க மதிப்பை ஆசிரியர் கொடுத்துவிடுகிறார். கொடுக்காவிட்டால் நானாக எப்படித் தேர்ந்தெடுப்பது?"

முதலில் முழு எண்களைப் போட்டு ஒரு சிறு அட்டவணை எழுதுங்கள். `f(0) = −5`, `f(1) = −6`, `f(2) = −1`, `f(3) = 16`. 2-க்கும் 3-க்கும் நடுவே குறி மாறுகிறது. சார்பு தொடர்ச்சியானது, ஆகவே அங்கே ஒரு மூலம் கட்டாயம் உண்டு. −1 பூச்சியத்துக்கு அருகில் இருக்கிறது, 16 தொலைவில் இருக்கிறது. அதனால் மூலமும் 2-இன் பக்கம்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரே ஒரு வேலை இருக்கிறது, அதைத் தவறாமல் செய்யச் சொல்வேன்: `f'(x) = 0` ஆகும் இடங்களைக் கண்டுபிடியுங்கள். இங்கே `3x² = 2`, அதாவது `x = ±0.8165`. இந்த இரண்டு இடங்களிலும் தொடுகோடு படுக்கையாகக் கிடக்கும், அச்சை வெட்டவே வெட்டாது. அவற்றுக்குப் பக்கத்தில் தொடங்கினால் தொடுகோடு அச்சை எங்கோ வெகுதூரத்தில் போய்த்தான் வெட்டும். நீங்கள் தொடங்கும் புள்ளிக்கும் மூலத்துக்கும் நடுவே இப்படிப்பட்ட இடம் எதுவும் இருக்கக் கூடாது. 2-இல் தொடங்கினாலும் 3-இல் தொடங்கினாலும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, 2-ஆ 3-ஆ? இரண்டுமே வேலை செய்யும். உறுதி வேண்டும் என்றால் 3. காரணத்தைப் படம் வரைந்து பாருங்கள். இந்த இடைவெளியில் `f'' = 6x` நேர்க்குறி, அதாவது வளைவரை மேல்நோக்கி வளைகிறது. அப்படி வளையும் வரை தொடுகோடு வளைவரைக்குக் கீழேதான் இருக்கும். ஆகவே வளைவரை அச்சுக்கு மேலே இருக்கும் பக்கத்தில் தொடங்கினால், தொடுகோடு மூலத்தைத் தாண்டிப் போகாமல் அதற்கு முன்பே அச்சை வெட்டும். 3-இல் தொடங்கினால் 2.36, 2.1272, 2.0951, 2.09455 என்று ஒரே திசையில் இறங்கி வரும். 2-இல் தொடங்கினால் முதல் படி மூலத்தைத் தாண்டி 2.1-இல் விழுந்து, அங்கிருந்துதான் இறங்குகிறது. எழுதி வைத்துக்கொள்ள வசதியாகச் சொன்னால்: தொடங்கும் புள்ளியில் `f`, `f''` இரண்டுக்கும் ஒரே குறி இருக்கட்டும். ஆனால் அந்த இடைவெளி முழுவதும் `f'`, `f''` இரண்டும் குறி மாறாமல் இருந்தால்தான் இந்த வாக்கு செல்லும்.

"அதே சமன்பாட்டை 0-வில் தொடங்கினேன். பாதி நோட்டு நிரம்பிவிட்டது, விடை வரவில்லை."

உங்கள் கணக்கில் பிழை இருக்காது. 0-வில் தொடங்கினால் இப்படித்தான் வரும்: −2.5, −1.567, −0.503, −3.821, −2.549, −1.608, −0.576, −4.598… எட்டுப் படி போன பிறகும் மூலத்தின் பக்கம்கூட வரவில்லை.

ஏன் என்று பாருங்கள். `x = −0.8165`-இல் இந்த வளைவரைக்கு ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டின் உச்சியே −3.91 தான், அச்சை எட்டுவதில்லை. இடப்பக்கத்தில் நிற்கும்போது தொடுகோடு, "மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம், கொஞ்ச தூரத்தில் அச்சு வந்துவிடும்" என்று நம்மை வலப்பக்கம் அனுப்புகிறது. −2.5-இலிருந்து −1.567, அங்கிருந்து −0.503 என்று போகிறோம். அதற்குள் மேட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் இறங்கிவிட்டோம். அங்கே சாய்வு எதிர்க்குறி. தொடுகோடு இப்போது நம்மைத் திரும்ப இடப்பக்கம் −3.821-க்கு வீசுகிறது. மூலம் இல்லாத மேட்டையே சுற்றிச் சுற்றி வருகிறோம்.

இதை அடையாளம் காண எளிய வழி, x-க்குப் பக்கத்திலேயே `f(x)`-ஐயும் எழுதிக்கொண்டு போவது. நல்லபடியாகப் போகும் கணக்கில் `f`-இன் அளவு படிக்குப் படி சுருங்கும். இங்கே −5, −15.6, −5.7, −4.1, −53.1 என்று ஏறி இறங்குகிறது. இரண்டு மூன்று படிகளுக்குள் `|f|` சுருங்காவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தொடக்க மதிப்பை மாற்றுங்கள்.

இந்த மேடு பள்ளத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு சிறிய வித்தியாசம் எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு இன்னொரு சோதனை. 0.80-இல் தொடங்கினால் முதல் படியே −75.3. 0.83-இல் தொடங்கினால் 92.1. இரண்டாவதற்கு விடை வந்துவிடும், ஆனால் 92.1-இலிருந்து ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிச் சுருங்கி, 2.0947-க்கு வர இன்னும் பன்னிரண்டு படி ஆகும். தொலைவில் நிற்கும்போது `x³` மட்டுமே பெரிதாகத் தெரியும், `x − x³/3x²` என்பது `2x/3` தான். முறையின் வேகம் மூலத்துக்கு அருகில் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

"இரண்டே எண்கள் மாறி மாறி வருகின்றன. கால்குலேட்டர் கெட்டுவிட்டதா?"

கால்குலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. −5-ஐ +2 ஆக மாற்றி `x³ − 2x + 2 = 0` என்று எடுங்கள், 0-வில் தொடங்குங்கள். `f = 2`, `f' = −2`, அடுத்தது 1. அங்கே `f = 1`, `f' = 1`, அடுத்தது 0. மறுபடி 1, மறுபடி 0. எத்தனை முறை போட்டாலும் இதேதான்.

கொஞ்சம் தள்ளித் தொடங்கினால் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். 0.1-இல் தொடங்கிப் பார்த்தால் 1.014, 0.080, 1.009, 0.052 என்று போகிறது. தப்பிக்கவில்லை, அதே 0–1 சுழற்சிக்குள் இன்னும் நெருக்கமாக இழுக்கப்படுகிறது. ஆகவே "தசமத்தை மாற்றிப் போட்டுப் பார்" என்ற அறிவுரை எப்போதும் உதவாது. முன்பு சொன்ன அட்டவணைக்குத் திரும்புங்கள். `f(−2) = −2`, `f(−1) = 3`. மூலம் எதிர்மறைப் பக்கம் இருக்கிறது. −2-இல் தொடங்கினால் −1.8, −1.76995, அடுத்த படியில் −1.76929. முடிந்தது.

"விடை வருகிறது, ஆனால் ஆமை வேகத்தில் வருகிறது. படிக்குப் படி இலக்கம் இரட்டிக்கும் என்றார்களே?"

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் வேகத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. முதல் கணக்கில் 2-இலிருந்து வந்த பிழைகளைப் பாருங்கள்: 0.0945, 0.0054, 0.000017, 0.00000000016. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முந்தையதன் வர்க்கத்தில் பாதி. இந்த வேகம் இல்லையென்றால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. நான் அடிக்கடி பார்ப்பவை இரண்டு.

முதலாவது, வகைக்கெழுவில் பிழை. `3x² − 2` என்பதற்குப் பதில் மறதியாக `3x²` என்று போட்டால் என்ன ஆகும்? 2, 2.0833, 2.0929, 2.0943… விடை வந்தே விடுகிறது! `f` சரியாக இருக்கும் வரை, அது பூச்சியமாகும் இடம் மாறாது. வகைக்கெழு தவறினால் கெடுவது வேகம் மட்டும்தான், ரொம்பத் தவறினால்தான் விடையே வராமல் போகும். இங்கே பிழை ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக, சீராகக் குறைகிறது. அந்தச் சீர்தான் தடயம்.

இதன் இன்னொரு வடிவம் கால்குலேட்டரில் ஒளிந்திருக்கும். `x − cos x = 0` என்ற கணக்குக்கு விடை 0.739085. ஒருமுறை வகுப்பில் பாதிப் பேர் 0.99985 என்று எழுதியிருந்தார்கள். நானும் முதலில் திகைத்துப் போனேன். அத்தனை கால்குலேட்டர்களும் DEG-இல் இருந்தன. sin-இன் வகைக்கெழு cos, cos-இன் வகைக்கெழு −sin என்பதெல்லாம் ரேடியனில் மட்டுமே உண்மை. அதைவிட முக்கியம், டிகிரியில் வைத்தால் `f`-ஏ வேறு சார்பு ஆகிவிடுகிறது. அதனால் விடையும் வேறு. திரிகோணமிதி வந்தால் முதலில் RAD-ஐப் பாருங்கள், அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.

இரண்டாவது காரணம், இரட்டை மூலம். `x³ − 3x + 2` என்பது `(x − 1)²(x + 2)`. 2-இல் தொடங்கினால் 1.556, 1.298, 1.155, 1.080… 1-க்கு உள்ள தூரம் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பாதியாகிறது, அவ்வளவுதான். வளைவரை அச்சை வெட்டாமல் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, மூலத்தில் சாய்வும் பூச்சியம். சரியாகப் பாதி பாதியாகக் குறைவதைக் கண்டால் இரட்டை மூலத்தைச் சந்தேகியுங்கள். அது உறுதி என்றால் `x − 2f/f'` என்று இரட்டிப்பான அடி எடுத்து வையுங்கள், பழைய வேகம் திரும்பிவிடும்.

"குறி மாறும் இடைவெளி தெரியும், நடுவே மேடு பள்ளமும் இல்லை. இனிமேல் பயமில்லைதானே?"

வளைவு திசை மாறினால் அப்போதும் தோற்கலாம். `arctan x = 0` எடுங்கள். மூலம் 0, சார்பு எங்கும் ஏறிக்கொண்டே இருக்கிறது, `f'` எங்கும் பூச்சியமாவதில்லை. ஆனால் 1.5-இல் தொடங்கினால் −1.694, 2.321, −5.114 என்று ஊஞ்சல் மாதிரி இரு பக்கமும் விரிந்துகொண்டே போகும். எல்லை ஏறத்தாழ 1.3917. அதற்குள் தொடங்கினால் விடை உண்டு, வெளியே தொடங்கினால் இல்லை. `f''` மூலத்திலேயே குறி மாறுவதால், முன்பு சொன்ன "ஒரே குறி" உறுதி இங்கே செல்லாது.

அதனால்தான் நிரல் எழுதும்போது நியூட்டனைத் தனியாக விடுவதில்லை. குறி மாறும் இடைவெளியைக் கையில் பிடித்துக்கொண்டே போகிறோம். தொடுகோடு காட்டும் புள்ளி இடைவெளிக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம், வெளியே போனால் அதைத் தள்ளிவிட்டு நடுப்புள்ளியை எடுக்கிறோம்.

```python
def newton(f, df, a, b, tol=1e-10):
    fa = f(a)
    if fa * f(b) >= 0:
        raise ValueError
    x = (a + b) / 2
    for _ in range(100):
        fx, d = f(x), df(x)
        if fx == 0:
            return x
        if fa * fx < 0:
            b = x
        else:
            a, fa = x, fx
        y = x - fx / d if d else (a + b) / 2
        if not a <= y <= b:
            y = (a + b) / 2
        if abs(y - x) < tol:
            return y
        x = y
    raise RuntimeError
```

`a` சிறியதாகவும் `b` பெரியதாகவும் இருக்க வேண்டும். `arctan`-க்கு −2, 5 என்று கொடுத்தால் நடுப்புள்ளி 1.5, அதாவது தோற்கும் இடத்திலேயே தொடங்குகிறது. முதல் படி −1.694, இடைவெளிக்குள் இருப்பதால் ஏற்கப்படுகிறது. இப்போது இடைவெளி −1.694 முதல் 1.5 வரை. அடுத்த படி 2.321 என்கிறது. வெளியே போய்விட்டதால் நடுப்புள்ளி −0.097. அங்கிருந்து ஒரே தாவலில் 0.0006, அப்புறம் வேகம்தான். ஒரு குறை: இரட்டை மூலத்தில் குறி மாறாது, அதனால் இந்த நிரல் அதைத் தேடவே தேடாது. `ValueError` வந்தால் "மூலம் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

"எப்போது நிறுத்துவது? f(x) பூச்சியத்துக்கு அருகில் வந்தால் போதுமா?"

போதாது. மேலே பார்த்த இரட்டை மூலத்தில் `x = 1.001` என்று போட்டால் `f` ஏறத்தாழ 0.000003. `f`-ஐ மட்டும் பார்த்தவர் ஐந்து இலக்கம் சரி என்று நினைப்பார், உண்மையில் மூன்றாவது இலக்கத்திலேயே பிழை. அதே அளவு `f` நம் முதல் சமன்பாட்டில் வந்தால், சாய்வு 11.16 இருப்பதால் x-இன் பிழை 0.0000003 தான். ஆக `f`-ஐச் சாய்வால் வகுத்துத்தான் x-இன் பிழையை மதிப்பிட முடியும். அடுத்த அடியின் நீளமும் அதே `f/f'` தான் என்பதால், அடி எவ்வளவு சிறியது என்று பார்ப்பது நல்ல அளவுகோல். வேகம் சரியாக இருக்கும்போது, கடைசி அடியின் நீளம் அந்த அடிக்கு முன்பு இருந்த பிழை. அடி வைத்த பிறகு இருப்பது அதைவிட வெகு குறைவு. இரட்டை மூலத்தில் அடி பிழையில் பாதிதான், அங்கே அடியின் நீளம் அளவுக்கே இன்னும் பிழை மீதி இருக்கும்.

கையால் போட்ட விடையைச் சோதிக்க நான் செய்வது இது. நான்கு தசம இலக்கத்துக்கு 2.0946 என்று வந்ததா? 2.09455-ஐயும் 2.09465-ஐயும் `f`-இல் போடுங்கள். முதலாவது −0.0000165, இரண்டாவது 0.0011. குறி மாறுகிறது, மூலம் இரண்டுக்கும் நடுவே. நான்கு இலக்கமும் சரி.